பென் டிரைவை எப்போது எடுக்கலாம்?

பென் டிரைவுக்கு ஒரு கோப்பைக் காப்பி செய்யும்போது திரையில் ஓடும் பச்சைக் கோடு நிறைந்துவிட்டால், கோப்பு முழுதாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதான் பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறார்கள். பல நேரங்களில் அது அப்படி இல்லை. காப்பி செய்யும் நிரல் தன்னிடம் இருந்த தரவையெல்லாம் இயக்குதளத்திடம் கொடுத்து முடித்தவுடனே அந்தக் கோடு நிறைந்துவிடுகிறது. இயக்குதளம் அதைப் பென் டிரைவில் எழுதி முடித்ததா என்பது வேறு கேள்வி. எழுதியது போதாது, எங்கே எழுதியிருக்கிறது என்ற கணக்கும் பென் டிரைவில் பதிவாக வேண்டும். அதற்குப் பிறகும், பென் டிரைவுக்குள் இருக்கும் சிறு சிப் தன் பங்குக்குச் செய்யும் வேலை பாக்கி இருக்கும். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது பென் டிரைவைப் பிடுங்கினால் கோப்பு கெடுகிறது. எந்த இடத்தில் அறுந்தது என்பதைப் பொறுத்துக் கேடும் வேறுபடும். ஒரே ஒரு கோப்பு போவதும் உண்டு, பென் டிரைவே திறக்காமல் போவதும் உண்டு.

மின் அதிர்ச்சியால் பென் டிரைவ் எரிந்துவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அந்தப் பயத்துக்குப் பெரிய காரணம் இல்லை. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே செருகவும் எடுக்கவும் ஏற்றபடிதான் யுஎஸ்பி வடிவமைக்கப்பட்டது. சாதாரணப் பென் டிரைவின் தலைப்பகுதியை உற்றுப் பார்த்தால் நான்கு பித்தளைநிறப் பட்டைகள் தெரியும். ஓரத்தில் இருக்கும் இரண்டும் சற்று நீளமானவை. அவை 5 வோல்ட் மின்சாரத்துக்கும் அதன் எதிர்முனைக்கும் உரியவை. நடுவில் இருக்கும் குட்டையான இரண்டும் தரவுக்கு. செருகும்போது முதலில் மின்சாரமும் பிறகு தரவும் இணையும். எடுக்கும்போது முதலில் தரவும் பிறகு மின்சாரமும் அறும். கருவியைக் காப்பதற்கான ஏற்பாடு இது. எழுதி முடிக்காத கோப்பை இதனால் காப்பாற்ற முடியாது.

நினைவகத்தில் காத்திருக்கும் தரவு

கணினியின் ரேம் நினைவகம் மிக வேகமானது. பென் டிரைவ், அதிலும் மலிவான பென் டிரைவ், எழுதுவதில் மிக மந்தமானது. அதனால் எழுத வேண்டியதை முதலில் ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு மெல்ல மெல்ல டிரைவுக்கு அனுப்புவது இயக்குதளங்களின் பழக்கம். நிரல் காத்திருக்க வேண்டியதில்லை. பயனரும் அடுத்த வேலையைப் பார்க்கலாம். கணினிக்குள்ளேயே இருக்கும் வன்தட்டுக்கு இது அருமையான ஏற்பாடு, ஏனென்றால் அதை யாரும் நடுவில் உருவ மாட்டார்கள். பென் டிரைவுக்கு அந்த உறுதி கிடையாது.

லினக்ஸ் இயங்கும் ஒரு மடிக்கணினியில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். கணினியில் 8 ஜிபி ரேம். அதில் சுமார் 5 ஜிபி வேறு வேலைக்குப் போகாமல் இருக்கிறது. வன்தட்டில் உள்ள 700 எம்பி வீடியோ ஒன்றைப் பென் டிரைவுக்குக் காப்பி செய்கிறார் ஒருவர். வன்தட்டு விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் படிக்கும். பென் டிரைவோ விநாடிக்கு 8 எம்பி வேகத்தில்தான் எழுதும். லினக்ஸின் இயல்பான அமைப்பில், இன்னும் எழுதப்படாத தரவு இருக்கும் ரேமில் ஐந்தில் ஒரு பங்கை எட்டும் வரை நிரலை நிறுத்தி வைப்பதில்லை. இங்கே அந்த எல்லை சுமார் 1 ஜிபி. 700 எம்பி அதற்குள் அடங்கிவிடுவதால் ஏழெட்டு விநாடியில் கோடு நிறைந்து, காப்பி முடிந்ததாகத் திரை சொல்லிவிடுகிறது.

உண்மையில் பென் டிரைவில் என்ன நடந்திருக்கும்? காத்திருக்கும் தரவு பத்தில் ஒரு பங்கைத் தாண்டிய பிறகு, அல்லது அரை நிமிடம் பழசான பிறகுதான் லினக்ஸ் பின்னணியில் எழுதவே தொடங்குகிறது. ஆக, கோடு நிறைந்த நேரத்தில் இருபது எம்பி போயிருந்தாலே அதிகம். 700 எம்பியும் போய்ச் சேர, விநாடிக்கு 8 எம்பி என்று கணக்குப் போட்டால், கிட்டத்தட்ட ஒன்றரை நிமிடம் வேண்டும். அந்த ஒன்றரை நிமிடத்தில் திரையில் எந்த அசைவும் இருக்காது. அந்த நேரத்தில்தான் பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

காத்திருக்கும் தரவின் அளவை லினக்ஸில் நேரில் பார்க்கலாம். டெர்மினலில் இதைத் தட்டினால் போதும்:

```
grep -e Dirty: -e Writeback: /proc/meminfo
```

முதல் வரி, எழுதப்படக் காத்திருப்பதைக் காட்டும். இரண்டாவது வரி, இப்போது எழுதப்பட்டுக்கொண்டிருப்பதைக் காட்டும். காப்பி முடிந்தவுடன் ஒருமுறை, பத்து விநாடி கழித்து ஒருமுறை பார்த்தால் எண் இறங்கிக்கொண்டே போவது தெரியும். `sync` என்று தட்டினால் காத்திருக்கும் அத்தனையையும் உடனே எழுதச் சொல்லும். எழுதி முடியும் வரை அந்தக் கட்டளை திரும்பி வராது. கோப்பு மேலாளரில் பென் டிரைவுக்குப் பக்கத்தில் இருக்கும் மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினாலும் இதுவே நடக்கிறது. அழுத்தியதும், தரவு எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது, எடுக்க வேண்டாம் என்ற அறிவிப்பு வந்து நிமிடக்கணக்கில் நிற்பது சிலருக்கு எரிச்சலாக இருக்கும். காப்பி முடிந்ததாகச் சொன்ன கணினி மறைத்து வைத்த நேரம்தான் அங்கே வெளியே வருகிறது.

விண்டோஸில் நிலைமை சற்று வேறு. அங்கே வெளியிலிருந்து செருகும் டிரைவுகளுக்கு இரண்டு கொள்கைகள் உண்டு: `Quick removal`, `Better performance`. முதலாவதில் விண்டோஸ் எழுத வேண்டியதை ரேமில் தேக்கி வைக்காமல் உடனுக்குடன் டிரைவுக்கு அனுப்பும். இரண்டாவதில் தேக்கி வைக்கும். வேகம் கூடும், ஆனால் முறைப்படி வெளியேற்றாமல் எடுக்கக் கூடாது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து முதலாவதுதான் இயல்பான அமைப்பு. `Disk Management` பகுதியில் அந்த டிரைவின் மேல் வலது சொடுக்கு, `Properties`, பிறகு `Policies` என்று போனால் எது நடப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

இதைக் கேள்விப்பட்டவர்கள், இனி விண்டோஸில் நேராகப் பிடுங்கலாம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு பாதி சரி. எந்த எழுத்து வேலையும் நடக்காத நேரத்தில் பிடுங்கினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. எழுத்து வேலை நடக்கவில்லை என்று எப்படித் தெரியும் என்பதுதான் சிக்கல். கோப்பை வெறுமனே திறந்து பார்த்தாலும் டிரைவில் ஏதாவது எழுதப்படலாம். விண்டோஸ் `System Volume Information` என்ற மறைவான கோப்புறையைப் பென் டிரைவில் உருவாக்கும். வேர்டில் ஒரு கோப்பைத் திறந்தால், அது திறந்திருக்கிறது என்பதைக் குறிக்க `~$` என்று தொடங்கும் மறைகோப்பு ஒன்று அதே இடத்தில் முளைக்கும். வேர்டை மூடும்போதுதான் அது நீங்கும். பழைய பென் டிரைவுகளில் இந்த `~$` கோப்புகள் சிதறிக் கிடந்தால், கோப்பை மூடாமலே டிரைவைப் பிடுங்கிய அடையாளமாக அவை பெரும்பாலும் இருக்கும். மேக் கணினி தன் பங்குக்கு `.DS_Store` போன்ற கோப்புகளை எழுதும். ஆகவே 'படிக்க மட்டும்தான் செய்தேன், எதுவும் எழுதவில்லை' என்று பயனர் நினைப்பதை டிரைவ் ஒப்புக்கொள்ளாது.

இன்னொன்று, அந்தக் கொள்கை விண்டோஸுக்கு மட்டும்தான். அதே பென் டிரைவ் நாளைக்கு லினக்ஸ் கணினியிலோ மேக்கிலோ செருகப்படும். மேக்கில் முறைப்படி வெளியேற்றாமல் எடுத்தால் `Disk Not Ejected Properly` என்ற எச்சரிக்கை ஒவ்வொரு முறையும் வருவது சும்மா இல்லை.

கோப்பும் அதன் கணக்கும்

ஒரு கோப்பின் உள்ளடக்கம் டிரைவில் இருந்தால் மட்டும் போதாது. அது எங்கே தொடங்குகிறது, எந்தெந்தத் துண்டுகளில் தொடர்கிறது, எவ்வளவு நீளம் என்ற கணக்கும் இருக்க வேண்டும். கேட்டின் பெரும்பகுதி இந்தக் கணக்கில்தான் நேர்கிறது.

பென் டிரைவுகளில் இன்றும் மிகப் பரவலாக இருப்பது ஃபேட்32 என்ற கோப்பு முறைமை. 1996-இல் விண்டோஸ் 95-இன் ஒரு பதிப்போடு வந்தது. டிவி, கார் ஸ்டீரியோ, ஜெராக்ஸ் இயந்திரம் என்று எதில் செருகினாலும் படிக்கும் என்பதால் இன்னும் நிலைத்திருக்கிறது. அது டிரைவைச் சம அளவுத் துண்டுகளாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. இந்தத் துண்டுக்குக் கிளஸ்டர் என்று பெயர். 32 ஜிபி என்று விற்கப்படும் பென் டிரைவை விண்டோஸில் ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்தால் ஒரு கிளஸ்டர் 16 கேபி இருக்கும். 50 கேபி அளவுள்ள `report.docx` என்ற கோப்பைச் சேமித்தால் அதற்கு நான்கு கிளஸ்டர் வேண்டும். அவை 9001 முதல் 9004 வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

கோப்பு முழுமையாக எழுதப்பட மூன்று காரியம் நடக்க வேண்டும். உள்ளடக்கம் அந்த நான்கு கிளஸ்டரிலும் எழுதப்பட வேண்டும். டிரைவின் தொடக்கப் பகுதியில் இருக்கும் ஃபேட் அட்டவணையில் 9001-க்கு அடுத்தது 9002, அதற்கு அடுத்தது 9003, பிறகு 9004, அதோடு முடிந்தது என்ற சங்கிலி பதிவாக வேண்டும். மூன்றாவதாக, கோப்புறையில் 32 பைட் நீளமுள்ள ஒரு பதிவு வேண்டும்; பெயர், தொடங்கும் கிளஸ்டர் 9001, நீளம் இத்தனை பைட் என்பவை அதில் இருக்கும். பெயர் நீளமாக இருந்தால் கூடுதல் பதிவுகளும் சேரும். இந்த மூன்றும் டிரைவின் வெவ்வேறு இடங்களில் இருப்பவை. ஒரே நொடியில் எழுதப்படுபவை அல்ல. எது முந்தும், எது பிந்தும் என்பது இயக்குதளத்துக்கு இயக்குதளம் மாறும்.

உள்ளடக்கம் மட்டும் எழுதப்பட்டு மற்ற இரண்டும் எழுதப்படும் முன் பென் டிரைவ் போய்விட்டால், கோப்பு இல்லவே இல்லை. இது வருத்தம்தான், ஆனால் மற்ற கோப்புகளுக்குக் கேடில்லை. சங்கிலி பதிவாகி, கோப்புறைப் பதிவு விடுபட்டால், நான்கு கிளஸ்டரும் யாருக்கோ சொந்தம் என்று அட்டவணை சொல்லும். யாருக்கு என்று சொல்ல ஆள் இல்லை. டிரைவில் இடம் குறைந்திருக்கும், கோப்பு தெரியாது. கோப்புறைப் பதிவு பாதியில் நின்றால் பெயர் தெரியும், அளவு 0 கேபி என்று காட்டும்.

மிகவும் ஏமாற்றுவது, கணக்கு இரண்டும் பதிவாகி உள்ளடக்கம் பதிவாகாமல் போவது. பெயர் சரி, அளவு சரி, தேதியும் சரி. திறந்தால், அந்தக் கிளஸ்டர்களில் முன்பு இருந்து அழிக்கப்பட்ட ஏதோ ஒரு கோப்பின் மிச்சம் இருக்கும். வேர்டு கோப்பாக இருந்தால் கோப்பு பழுதாகிவிட்டது என்று திறக்கவே மறுக்கும். கோப்பு வகையைப் பொறுத்து அறிகுறியும் மாறுகிறது. படத்தில் மேல் பாதி சரியாக வந்து கீழ்ப் பாதி சாம்பல் நிறமாக நிற்கும். வெறும் எழுத்துக் கோப்பு என்றால் கடைசிப் பகுதி மட்டும் போகும். `docx`, `xlsx`, `zip` போன்றவற்றில் உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் கோப்பின் கடைசியில் இருப்பதால், வால் சிறிது அறுந்தாலும் முழுக் கோப்பும் திறக்காமல் போகிறது. அலுவலக ஆவணங்கள் எளிதில் கெடுவது போல் தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

மேலும் ஆபத்தானது இன்னொன்று உண்டு. கோப்புறைப் பதிவு இருக்கிறது, ஆனால் ஃபேட் அட்டவணையில் அந்தக் கிளஸ்டர்கள் காலி என்றே இருக்கின்றன. ஒரே நிலத்துக்கு ஒருவரிடம் பட்டா இருக்கும்போது, பதிவேட்டில் அது தரிசு என்று இருப்பதைப் போன்ற நிலை. அடுத்த நாள் புதிதாக ஒரு கோப்பைச் சேமிக்கும்போது இயக்குதளம் அட்டவணையைப் பார்த்து அதே இடத்தை அதற்கும் கொடுத்துவிடும். இப்போது இரண்டு கோப்புகள் ஒரே இடத்தைச் சொந்தம் கொண்டாடுகின்றன. ஒன்றில் எழுதினால் மற்றது கெடும். முந்தின நாள் அவசரத்தில் நேர்ந்த தவறு, அதற்குப் பிறகு ஒழுங்காகச் சேமித்த கோப்பையும் அழிப்பது இப்படித்தான்.

இதை உணர்த்தத்தான் ஃபேட் முறைமையில் ஒரு சிறு குறி இருக்கிறது. எழுதும் வேலை தொடங்கும்போது அந்தக் குறி இடப்படும். எல்லாம் ஒழுங்காக முடிந்தால் நீக்கப்படும். நடுவில் பிடுங்கினால் குறி நீங்காமல் நின்றுவிடும். அடுத்த முறை செருகும்போது விண்டோஸ் அதைப் பார்த்து `There's a problem with this drive. Scan the drive now and fix it.` என்று சொல்கிறது. இந்தச் செய்தி வந்தால் கோப்பு கண்டிப்பாகக் கெட்டிருக்கிறது என்று அர்த்தமில்லை. எழுத்து வேலை அறுந்ததற்கான தடயம் இருக்கிறது என்று அர்த்தம்.

2006-இல் வந்த எக்ஸ்ஃபேட் பெரிய கோப்புகளுக்கு வசதியானது. ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. எக்ஸ்ஃபேட்டில் அந்தத் தடை இல்லை. ஆனால் அறுந்த எழுத்தைத் தாங்குவதில் அது ஃபேட்32-ஐவிட வலுவானது என்று சொல்ல முடியாது. ஃபேட்32 வழக்கமாகத் தன் அட்டவணையை இரண்டு பிரதியாக வைத்திருக்கும். எக்ஸ்ஃபேட் பொதுவாக ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறது. என்டிஎஃப்எஸ் இந்த இரண்டிலிருந்தும் மாறுபட்டது. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துவிட்டுப் பிறகு செய்யும். நடுவில் அறுந்தால் அடுத்த முறை குறிப்பேட்டைப் பார்த்துக் கணக்கை நேர்செய்துகொள்ளும். அதுவும் கணக்கை மட்டுமே காக்கும். எழுதப்படாமல் போன உள்ளடக்கத்தை எந்தக் குறிப்பேடும் மீட்டுத் தராது.

சிப்புக்குள் நடப்பது

தொடவே தொடாத பழைய கோப்புகளும் சில நேரம் காணாமல் போகின்றன. இதற்கு விடை பென் டிரைவுக்குள் இருக்கிறது.

பென் டிரைவில் இருக்கும் ஃப்ளாஷ் நினைவகத்தில் ஒரு எழுத்தை மட்டும் மாற்ற முடியாது. அது 4 முதல் 16 கேபி வரையிலான பக்கங்களாக எழுதப்படும். எழுதிய பக்கத்தின் மேல் மறுபடி எழுத முடியாது. முதலில் அழிக்க வேண்டும். அழிப்பதோ பக்கம் பக்கமாக நடக்காது. பல பக்கங்கள் சேர்ந்த ஒரு பெரிய தொகுதியை மொத்தமாகத்தான் அழிக்க முடியும். அதனால் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப், மாறியதை வேறொரு காலி இடத்தில் எழுதிவிட்டு, எது எங்கே இருக்கிறது என்ற தன் சொந்த வரைபடத்தைத் திருத்திக்கொள்கிறது. இடம் நெருக்கடியாகும்போது, பாதி பயனில் உள்ள தொகுதிகளில் இருக்கும் நல்ல பக்கங்களை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுப் பழைய தொகுதியை அழிக்கிறது. பயனர் சேமித்தது 50 கேபிதான் என்றாலும், சிப் பல எம்பி அளவுக்குப் பழைய தரவை இடம் மாற்றிக்கொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் மின்சாரம் அறுந்தால் அடிபடுவது பழைய கோப்பு.

இன்னொரு காரணமும் உண்டு. இன்றைய மலிவான ஃப்ளாஷில் ஒரே கலத்தில் இரண்டு அல்லது மூன்று பிட்கள் அடைக்கப்படுகின்றன. ஒரே கலத்தின் பிட்கள் வெவ்வேறு பக்கங்களைச் சேர்ந்தவையாக இருக்கும். இரண்டாவது பக்கத்தை எழுதும்போது மின்சாரம் போனால், அதே கலத்தில் முன்பே ஒழுங்காக எழுதி முடித்த முதல் பக்கமும் குலைந்துபோகலாம். பெரிய நிறுவனங்களின் கணினிகளில் பயன்படும் விலை உயர்ந்த சேமிப்பகங்களில், மின்சாரம் போன பிறகும் சற்று நேரம் தாக்குப்பிடித்து வேலையை முடிக்க மின்தேக்கிகள் வைத்திருப்பார்கள். பென் டிரைவில் அதற்கு இடமும் இல்லை, விலையும் கட்டாது.

அடிபட்டது ஏதோ ஒரு படத்தின் பக்கம் என்றால் அந்தப் படத்தோடு போகும். ஃபேட் அட்டவணை இருந்த பக்கம் என்றால் நிலைமை வேறு. அட்டவணையில் ஒரு கிளஸ்டருக்கு 4 பைட். 16 கேபி அளவுள்ள ஒரே ஒரு பக்கத்தில் 4,096 கிளஸ்டர்களின் கணக்கு அடங்கிவிடும். மேலே சொன்ன டிரைவில் அது 64 எம்பிக்கான கணக்கு. நூற்றுக்கணக்கான சிறு ஆவணங்களைக் கொள்ளும் இடம். சிப்பின் சொந்த வரைபடமே கெட்டால் டிரைவ் முழுவதுமே போய்விடும். `You need to format the disk in drive E: before you can use it.` என்ற செய்தி வருவதும், டிரைவின் அளவு பூஜ்யம் என்று காட்டுவதும் இப்படிப்பட்ட நேரங்களில்தான்.

இந்த அடுக்கில் பயனரின் கையில் இருப்பது மிகக் குறைவு. பென் டிரைவில் மின்னும் விளக்கு ஓரளவு குறிப்புக் கொடுக்கும். அது மின்னும்போது எடுக்கக் கூடாது. ஆனால் மின்னாமல் நிற்பதை வைத்து எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. ரேமில் தரவு காத்திருக்கும்போதும் விளக்கு அமைதியாகத்தான் இருக்கும்.

முறைப்படி வெளியேற்றுவது

விண்டோஸில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு அம்பை அழுத்தினால் யுஎஸ்பி உருவம் தெரியும். அதை அழுத்தி, டிரைவின் பெயரோடு இருக்கும் `Eject` என்பதைத் தேர்ந்தால் `Safe To Remove Hardware` என்ற செய்தி வரும். கோப்பு உலாவியில் டிரைவின் மேல் வலது சொடுக்கு செய்தும் `Eject` கொடுக்கலாம். மேக்கில் டிரைவின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள முக்கோணக் குறி; ஆண்ட்ராய்டு போனில் செருகியிருந்தால் அமைப்புகளில் சேமிப்பகப் பகுதி. எதிலும் சாரம் ஒன்றுதான். இயக்குதளம் முதலில், இந்த டிரைவில் யாராவது கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார்களா என்று பார்க்கிறது. இல்லையென்றால் ரேமில் காத்திருப்பதை எல்லாம் எழுதுகிறது, கணக்குகளை மூடுகிறது, 'வேலை பாக்கி' என்ற குறியை நீக்குகிறது, இனி யாரும் அதில் எழுத முடியாதபடி தொடர்பை விலக்குகிறது. தட்டு சுழலும் வெளிப்புற ஹார்டு டிஸ்க் என்றால், அதன் படிப்புத் தலையை ஒதுக்கிச் சுழற்சியை நிறுத்தவும் பல நேரங்களில் இதுவே வழி. செய்தி வந்த பிறகு நான்கைந்து விநாடி பொறுத்து எடுப்பது, உள்ளே இருக்கும் சிப்புக்கும் அவகாசம் கொடுக்கும்.

பலரும் கைவிடும் இடம், டிரைவ் பயன்பாட்டில் இருக்கிறது என்று விண்டோஸ் மறுக்கும் இடம். இரண்டு முறை முயன்று பார்த்து, சலித்துப்போய்ப் பிடுங்கிவிடுகிறார்கள். ஏதோ ஒரு நிரல் டிரைவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் அந்த மறுப்பின் பொருள். அது எழுதிக்கொண்டே இருக்கவும் கூடும். டிரைவிலிருந்து திறந்த ஆவணத்தை மூடினால் மட்டும் போதாது, வேர்டையே மூடிப் பார்க்க வேண்டும். டிரைவைக் காட்டும் கோப்பு உலாவிச் சாளரத்தை மூட வேண்டும். வைரஸ் தடுப்பு நிரல் டிரைவை அலசிக்கொண்டிருந்தால் அது முடியும் வரை பொறுக்க வேண்டும். அப்படியும் மறுத்தால், யார் பிடித்திருக்கிறார்கள் என்று விண்டோஸே எழுதி வைக்கும் இடம் ஒன்று உண்டு. `Event Viewer` திறந்து, `Windows Logs`, அதில் `System` என்று போய், `Kernel-PnP` என்ற மூலத்தில் 225 என்ற எண்ணுள்ள பதிவைப் பார்த்தால், வெளியேற்றத்தைத் தடுத்த நிரலின் பெயர் அதில் இருக்கும். லினக்ஸில் `lsof` என்ற கட்டளைக்குப் பின் டிரைவ் இணைக்கப்பட்டிருக்கும் இடத்தைக் கொடுத்தால் அதே விடை கிடைக்கும். எதுவும் பலிக்காவிட்டால் கணினியை முழுதாக அணைத்துவிட்டு எடுக்கலாம். மடிக்கணினியை மூடித் தூங்க வைப்பது அணைப்பது ஆகாது. விழித்தெழும்போது டிரைவ் அங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அது தூங்குகிறது.

ஏற்கெனவே பிடுங்கிவிட்டால்

காப்பி செய்த மூலக் கோப்பு கணினியில் இருந்தால் கவலை குறைவு. அதே பென் டிரைவைச் செருகி, பிழை சரிபார்த்து, மறுபடி காப்பி செய்யலாம். அந்தச் சரிபார்ப்பை விண்டோஸில் இப்படிச் செய்யலாம். டிரைவின் எழுத்து E என்று வைத்துக்கொண்டால்:

```
chkdsk E: /f
```

கடைசியில் உள்ள `/f` இல்லாவிட்டால் அது பார்த்துச் சொல்லும், திருத்தாது. சொந்தக்காரர் இல்லாத கிளஸ்டர் சங்கிலிகளைக் கண்டால், அவற்றை `FOUND.000` என்ற மறைகோப்புறையில் `FILE0000.CHK`, `FILE0001.CHK` என்று கோப்புகளாகப் போட்டு வைக்கும். பெயர் போய்விட்டாலும் உள்ளடக்கம் சில நேரம் அதில் முழுதாகக் கிடைக்கிறது. தொலைந்தது படமென்று தெரிந்தால் `.CHK` என்பதை `.jpg` என்று மாற்றித் திறந்து பார்க்கலாம்.

ஆனால் வேறெங்கும் பிரதி இல்லாத கோப்பு அந்த டிரைவில் இருந்தால் `chkdsk` முதல் வேலையாக இருக்கக் கூடாது. அதன் நோக்கம் கணக்கை ஒழுங்காக்குவது. பொருந்தாத கோப்பைச் சுருக்கியோ நீக்கியோ கூட அதைச் செய்துவிடும். முதலில், படிக்க முடிகிற எல்லாவற்றையும் கணினிக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். டிரைவில் புதிதாக எதையும் எழுதக் கூடாது, ஃபார்மட் கேட்டால் ஒப்புக்கொள்ளக் கூடாது. டிரைவே திறக்கவில்லை, ஆனால் அதன் அளவு சரியாகத் தெரிகிறது என்றால் மீட்க வாய்ப்பு இருக்கிறது. டிரைவ் முழுவதையும் அப்படியே ஒரே கோப்பாக நகலெடுத்துக்கொண்டு, அந்த நகலின் மேல் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற இலவச மீட்பு நிரல்களை ஓட்டுவதுதான் பாதுகாப்பான வழி. ஃபோட்டோரெக் கணக்கைப் பார்க்காமல் உள்ளடக்கத்தின் தொடக்க அடையாளத்தை வைத்துக் கோப்பைத் தேடுவதால், அட்டவணை அழிந்த டிரைவிலும் பலவற்றை எடுத்துத் தரும். பெயர்கள் மட்டும் திரும்பி வராது. டிரைவின் அளவே பூஜ்யம் என்று காட்டினால் பழுது சிப்பில் இருக்கிறது, நிரலால் அதைச் சரிசெய்ய முடியாது.

முக்கியமான கோப்பு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்ய, மூலக் கோப்பையும் பென் டிரைவில் உள்ளதையும் பைட் பைட்டாக ஒப்பிடலாம். விண்டோஸில் அதற்கு `fc /b` என்ற கட்டளை இருக்கிறது; இரண்டு கோப்புகளின் இடத்தையும் பின்னால் கொடுத்தால் வேறுபாடு உண்டா இல்லையா என்று சொல்லும். காப்பி செய்த கையோடு ஒப்பிட்டால் அந்தச் சோதனைக்குப் பலன் இருக்காது. இயக்குதளம் பென் டிரைவைப் படிக்காமல், ரேமில் இன்னும் வைத்திருக்கும் பிரதியையே எடுத்துக் காட்டிவிடக்கூடும். முறைப்படி வெளியேற்றி, எடுத்து, மறுபடி செருகிய பிறகு ஒப்பிட்டால்தான் சிப்பில் உண்மையாக என்ன இருக்கிறது என்று தெரியும்.